மாத்திரை போட்டதும் கிரியாட்டினின் ஏறினால்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் நான் ஒரு சின்ன லேப் வைத்திருக்கிறேன். போர்டு மலையாளத்திலும் தமிழிலும் இருக்கும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள்தான். ரேஷன் கார்டு கேரளாவில், டாக்டர் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ, ரத்தம் கொடுப்பது என்னிடம். அப்படி வருகிற ஒரு தென்னந்தோப்புக்காரர், வயது 52, போன வருஷம் ஒரு காலையில் இரண்டு ரிப்போர்ட்டுகளை மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விரலால் தட்டினார்.

“பாருங்க தம்பி. மாத்திர போடறதுக்கு முன்னால ஒண்ணு ஆறு. மூணு வாரம் போட்டதுக்கு அப்புறம் ஒண்ணு ஒம்பது. இது கிட்னியக் காப்பாத்தற மாத்திரைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.”

சட்டைப் பையிலிருந்து அட்டையையும் எடுத்துப் போட்டார். டெல்மிசார்ட்டன் 40, பிரஷர் மாத்திரை. பதினைந்து மாத்திரை அட்டை. முதல் அட்டை முடிந்து, இரண்டாவதில் ஆறு போய் ஒன்பது மீதி. அந்த ஒன்பதையும் குப்பையில் போடப் போவதாகச் சொன்னார்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. அது 1.6-லிருந்து 1.9 ஆனது உண்மை. என் மெஷினில் தப்பில்லை, இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஆனால் அந்த ஏற்றத்தை வைத்து அவர் வந்த முடிவு தப்பு. பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று வருஷம் கழித்து டயாலிசிஸ் பேச்சோடு திரும்பி வந்த சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் நிறுத்தியதற்குக் காரணம் இந்த மூன்றாவது வார ரிப்போர்ட்தான். அதனால் அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏறுவதில் எது நல்லது, எது ஆபத்து என்பதை மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைப் போடுங்கள், நிறுத்துங்கள் என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை. அன்றைக்கும் அவருடைய டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்ததுதான் நான் செய்தது.

அவருக்கு நான் சொன்ன விளக்கம் அவர் தோப்பிலேயே இருந்தது. சொட்டுநீர் போட்டிருக்கிறார். மெயின் பைப்பிலிருந்து மரவரிசைக்கு ஒரு கறுப்புக் குழாய் பிரிகிறது. தொடக்கத்தில் ஒரு வால்வு, வழிநெடுகச் சொட்டுவான்கள், கடைசியில் ஒரு மூடி. மூடி இறுக்கமாக இருந்தால் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும், சொட்டுவான்கள் நன்றாகச் சொட்டும். அழுக்கு கழுவ அந்தக் கடைசி மூடியைத் திறந்துவிட்டால் தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும், சொட்டு குறைந்துபோகும். இது அவர் வாரா வாரம் செய்கிற வேலை.

சிறுநீரகத்திலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மயிரைவிட மெல்லிய ரத்தக்குழாய்களின் ஒரு சின்ன உருண்டை. அதற்குள் ரத்தம் நுழைய ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். உடம்பின் மற்ற இடங்களில் நுண்குழாய் முடிந்ததும் ரத்தம் அழுத்தமில்லாமல் சிரைக்குள் போய்விடும். இங்கே மட்டும் வெளியேறும் பக்கமும் சுருங்கி விரியக்கூடிய தமனிதான், அதாவது இறுக்கித் தளர்த்தக்கூடிய கடைசி மூடி. அதனால் இந்த உருண்டைக்குள் அழுத்தம் மற்ற நுண்குழாய்களைவிட மிக அதிகம். அந்த அழுத்தத்தில்தான் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு நீர் வடிகிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே இழுக்கப்படுகிறது.

கடைசி மூடியை இறுக்குவது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற மாத்திரைகள் அது வேலை செய்யவிடாமல் மறிக்கின்றன. எனாலாப்ரில், ராமிப்ரில் வகை அது உருவாவதையே குறைக்கின்றன. இரண்டில் எதைப் போட்டாலும் மூடி தளர்கிறது. உருண்டைக்குள் அழுத்தம் இறங்குகிறது, வடிதலும் கொஞ்சம் குறைகிறது. வடிதல் குறைந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் தேங்கத்தான் செய்யும். 1.6 என்பது 1.9 ஆனது இதனால்தான். வடிகட்டி உடைந்ததால் ஏறிய எண் அல்ல இது. வடிகட்டியின் மேலிருந்த பாரத்தை இறக்கியதால் ஏறிய எண்.

சரி, நன்றாக வடிந்துகொண்டிருந்ததை ஏன் குறைக்க வேண்டும்? அதற்குப் பதில் அவருடைய முதல் ரிப்போர்ட்டில், அவர் பார்க்காமல் விட்ட ஒரு வரியில் இருந்தது. சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 1100. அது 30-க்குள் இருக்க வேண்டும். 300-க்கு மேல் போனாலே கடுமையான கசிவு என்று கணக்கு.

இங்கே எங்கள் பக்கத்து வார்த்தைக் குழப்பம் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும்போது “யூரின்ல உப்பு இருக்கா” என்று நர்ஸ் கேட்டால் அது ஆல்புமின், அதாவது புரதம். “கிட்னியில உப்பு ஏறிடுச்சு” என்று வீட்டில் சொன்னால் அது யூரியா, கிரியாட்டினின். டாக்டர் “உப்பைக் குறைங்க” என்றால் அது சாப்பாட்டு உப்பு. மூன்றும் வேறு வேறு சமாச்சாரம். மூன்றையும் ஒரே சொல்லால் சொல்வதால், சிறுநீரில் உப்பு போனால் நல்லதுதானே, வெளியே போகட்டுமே என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வடிகட்டி புரதத்தை வெளியே விடாது. புரதம் போகிறது என்றால் சல்லடையின் கண் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

புரதம் போவதைக் கண்டுபிடிப்பது பழைய வித்தை. 1827-இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், வீங்கிய உடம்போடு வந்தவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தித் தீயில் காட்டியபோது அது முட்டை வெள்ளைக்கரு போலத் திரிந்ததைப் பதிவு செய்தார். இறந்தவர்களின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததையும் அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நான் படிக்கும்போதும் டெஸ்ட் டியூபின் மேல் பாதியை மட்டும் சுடவைத்து, கலங்கினால் இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டு, கலங்கல் தெளிந்தால் பாஸ்பேட், நின்றால் புரதம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். மேலே பால் போல வெள்ளை, கீழே தேன் நிறத் தெளிவு. ஒரு முறை பார்த்தால் மறக்காது. வீட்டில் தெரிகிற அடையாளம் நுரை. மலையாளத்தில் ‘பத’ என்பார்கள். பக்கெட்டில் வேகமாக விழுந்தால் யாருக்கும் நுரை வரும். ஐந்து நிமிஷம் கழித்தும் சோப்பு நுரை போல மிதந்துகொண்டே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நுரை வருகிற வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. 100, 200 என்று கசிகிற காலத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது பெரும்பாலும் நடப்பது குச்சிப் பரிசோதனை. மஞ்சள் கட்டம் பச்சையாக மாறினால் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று எழுதுகிறோம். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. குச்சி பார்ப்பது சிறுநீரின் அடர்த்தியில் எவ்வளவு புரதம் என்பதை. நம் தோப்புக்காரரின் காலைச் சிறுநீரில் ஒரு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராம் ஆல்புமின் இருந்தது; குச்சி இரண்டு பிளஸ் காட்டியது. அதே ஆள் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பதினொரு மணிக்குக் கொடுத்திருந்தால் அது 33 ஆக நீர்த்து, ஒரு பிளஸ்தான் வந்திருக்கும். நோய் பாதியாகிவிட்டதாக வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். விகிதம் பார்ப்பது இதற்காகத்தான். காலையில் சிறுநீரில் கிரியாட்டினின் 100, ஆல்புமின் 110. நீர்த்த சிறுநீரில் கிரியாட்டினின் 30, ஆல்புமின் 33. இரண்டில் எந்தச் சிறுநீரில் ஆல்புமினைக் கிரியாட்டினினால் வகுத்தாலும் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 1100 மில்லிகிராம்தான். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடுமையான உடலுழைப்பு இவற்றால் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. அதனால்தான் ஒரு தடவை வந்த எண்ணை வைத்து நாள்பட்ட நோய் என்று எழுதுவதில்லை. மூன்று மாத இடைவெளியில் திரும்பவும் வர வேண்டும்.

இனி பிரஷருக்கும் இந்தக் கசிவுக்கும் உள்ள தொடர்பு. தோப்புக் கணக்கிலேயே பார்ப்போம். நூறு சொட்டுவானில் நாற்பது அடைத்துக்கொண்டால், மோட்டார் அதே வேகத்தில் ஓடும்போது மீதி அறுபதில் அழுத்தம் கூடும். சிறுநீரகத்திலும் அப்படித்தான் என்று 1982-இல் பாரி பிரென்னரும் அவர் சகாக்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சர்க்கரையாலோ பிரஷராலோ வேறு நோயாலோ கொஞ்சம் வடிகட்டிகள் போனதும், மிச்சமிருப்பவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. உள்ளே அழுத்தம் கூடி வடிதலும் கூடுகிறது. கொஞ்ச காலத்துக்குக் கிரியாட்டினின்கூட நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்தில் சல்லடையைப் பிடித்துக்கொண்டிருக்கிற செல்கள் உதிர்கின்றன. அவை உதிர்ந்தால் புதிதாகப் பெருகி இடத்தை நிரப்புவது மிகக் குறைவு. உதிர்ந்த இடத்தில் புரதம் கசிகிறது, பிறகு தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த வடிகட்டியின் வேலை அடுத்ததன் தலையில். முதல் நோய் என்னவோ அது அடங்கிய பிறகும் சிறுநீரகம் தானாகவே கெட்டுக்கொண்டு போவதற்கு இந்தச் சுழல் ஒரு பெரிய காரணம்.

நல்ல சிறுநீரகம் இதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும். வெளியே பிரஷர் ஏறினால் நுழைவாயில் வால்வைத் தானே சுருக்கி, உள்ளே அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். நாள்பட்ட நோயில் இந்தத் திறமை மங்கிவிடுகிறது. கையில் அளக்கிற 158 அப்படியே வடிகட்டிக்குள் போய் இடிக்கிறது. கசிந்த புரதமும் சும்மா போவதில்லை. வழியில் உள்ள நுண்குழல்களின் செல்கள் அதைத் திரும்ப உறிஞ்சப் பார்த்து, அளவு மீறும்போது அழற்சியாகி, அங்கேயும் தழும்பு விழுகிறது. ஆக, புரதம் சேதத்தின் அடையாளம் மட்டுமில்லை, சேதத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இது வெறும் கற்பனை விளக்கம் இல்லை என்று காட்டியவை மருந்துச் சோதனைகள். 1993-இல் வெளியான காப்டோப்ரில் ஆய்வில், முதல் வகைச் சர்க்கரையும் புரதக் கசிவும் உள்ளவர்களில் கிரியாட்டினின் இரட்டிப்பாகும் ஆபத்து கிட்டத்தட்டப் பாதியானது. 2001-இல் இரண்டாம் வகைச் சர்க்கரைக்காரர்களிடம் லோசார்ட்டனும் இர்பெசார்ட்டனும் அதேபோலச் சிறுநீரகச் சரிவைத் தள்ளிப்போட்டன. இர்பெசார்ட்டன் ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: ஒரு குழுவுக்கு அம்லோடிபின் என்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டு குழுவிலும் கையில் அளந்த பிரஷர் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிறுநீரகம் இர்பெசார்ட்டன் குழுவில்தான் மெதுவாகக் கெட்டது. தோப்புக் கணக்கில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். அம்லோடிபின் நுழைவாயில் வால்வைத் திறக்கிறது, கடைசி மூடி அப்படியே இருக்கிறது. அதற்காக அம்லோடிபின் கெட்ட மருந்து என்று அர்த்தமில்லை. மூடியைத் தளர்த்துகிற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் நல்ல துணை. புரதம் கசிகிறவருக்கு அது மட்டும் போதாது, அவ்வளவுதான்.

பிரஷரை எவ்வளவு இறக்குவது என்பதில் விடை இவ்வளவு நேராக வரவில்லை. 1994-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், சுமார் 125/75 அளவுக்கு இறுக்கிப் பிடித்தவர்களுக்கும் வழக்கமான அளவில் விட்டவர்களுக்கும் மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் போனவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, இறுக்கிப் பிடித்தவர்களின் சிறுநீரகம் மெதுவாகச் சரிந்தது. 2015-இன் ஸ்பிரின்ட் ஆய்வு மேல் பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுபோனது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, மரணம் இவை குறைந்தன. ஆனால் சிறுநீரகத்துக்குத் தனியாக லாபம் தெரியவில்லை, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு கொஞ்சம் கூடவே வந்தது. அந்த ஆய்வில் சர்க்கரைக்காரர்களையும், ஒரு கிராமுக்கு மேல் புரதம் போகிறவர்களையும் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் வைத்துப் பார்த்தால், இறுக்கமான கட்டுப்பாட்டின் சிறுநீரக லாபம் பெரிதும் புரதம் கசிகிறவர்களுக்கே. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் பரவலாகக் காணப்படுகிற சிறுநீரக நோயில் புரதக் கசிவும் ஆரம்பத்தில் பிரஷரும் குறைவு. அங்கே இந்தக் கதையை அப்படியே பொருத்த முடியாது.

நடைமுறையில் பல டாக்டர்கள் 130/80-க்குக் கீழே என்று வைத்துக்கொள்கிறார்கள். 2021-இன் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல், தாங்க முடிகிறவர்களுக்கு மேல் பிரஷர் 120-க்குக் கீழே என்கிறது. முறைப்படி அளந்தால் மட்டும். அந்த ‘முறைப்படி’யில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். நம் ஆள் வெயிலில் மொபெட் ஓட்டி வந்து, மூச்சு வாங்க, தேங்காய் விலை பேசிக்கொண்டே கையை நீட்டினார். 164. மேஜை மேல் கையை வைத்து, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்து எடுத்தேன். 148. இந்த 16 புள்ளி வித்தியாசத்துக்கு ஒரு மாத்திரையையே கூட்டியிருப்பார்கள். வயதானவர் எழுந்ததும் தலை சுற்றி விழுகிறார் என்றால் 120-ஐத் துரத்த வேண்டிய கட்டாயமும் இல்லை.

இப்போது அவருடைய இரண்டு ரிப்போர்ட்டுக்குத் திரும்புவோம். கிரியாட்டினின் 1.6 என்றால் அவர் வயதுக்கு வடிதிறன், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்ற கணக்கு, சுமார் 51. 1.9 என்றால் சுமார் 42. ஒன்பது புள்ளி போய்விட்டது என்பதுதான் அவர் கோபம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாத்திரை இல்லாமல், இவ்வளவு புரதம் கசிந்துகொண்டு, வருஷத்துக்கு 6 புள்ளி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையோடு ஆரம்பத்தில் 42-க்கு விழுந்து, பிறகு வருஷத்துக்கு 2 மட்டும் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை உதாரணத்துக்கு எடுத்த எண்கள். ஆளுக்கு ஆள் மாறும். முதல் வருஷ முடிவில் மாத்திரை போடாதவர் 45, போட்டவர் 40. இரண்டாம் வருஷம் 39, 38. இரண்டேகால் வருஷத்தில் இரண்டு கோடும் சந்திக்கின்றன. ஐந்தாம் வருஷம் போடாதவர் 21, போட்டவர் 32. போடாதவர் ஏழு வருஷத்தில் பத்துக்குக் கீழே போய் டயாலிசிஸ் வாசலில் நிற்பார். போட்டவர் அந்த இடத்துக்கு வர 16 வருஷம் ஆகும்.

முதல் இரண்டு வருஷம் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் மாத்திரை போட்டவர்தான் நஷ்டப்பட்ட மாதிரித் தெரிவார். இந்த மருந்தின் சங்கடமே அதுதான். நஷ்டம் மூன்றாவது வாரத்திலேயே கண்ணில் படுகிறது, லாபம் மூன்றாவது வருஷத்தில்தான் தலைகாட்டுகிறது.

அதற்காக எல்லா ஏற்றமும் நல்ல ஏற்றம் இல்லை. மருந்து தொடங்கியோ டோஸ் கூட்டியோ இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்கிறார்கள். 30 சதவீதம் வரை ஏறினால் மருந்தைத் தொடரலாம், அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்பது பொதுவான விதி. 1.6-க்கு 30 சதவீதம் கூட்டினால் 2.08. இவருடைய 1.9 என்பது 19 சதவீத ஏற்றம்தான். எல்லைக்குள் இருந்தது. அடுத்த ரிப்போர்ட்டிலும் அதே இடத்தில் நின்றால் சரி, 2.2, 2.5 என்று ஏறிக்கொண்டே போனால் அது வேறு கதை.

அந்த வேறு கதையில் முதல் சந்தேகம் இரண்டு சிறுநீரகத்துக்கும் போகிற பெரிய ரத்தக்குழாய்கள் அடைத்திருப்பது. மெயின் பைப்பே நசுங்கியிருக்கும்போது கடைசி மூடியையும் திறந்துவிட்டால் சொட்டு நின்றுபோகும். ஆனால் எங்கள் ஊரில் நான் அதிகம் பார்ப்பது வலி மாத்திரை. மரம் ஏறுகிறவர்கள், தேங்காய் மட்டை உரிக்கிறவர்கள், முதுகு வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் வாங்கிப் போடுகிறார்கள். இந்த வகை மாத்திரைகள் நுழைவாயில் வால்வைச் சுருக்கும். மூடியைத் தளர்த்துகிற மாத்திரையோடு இதுவும் சேர்ந்து, கூடவே நீர் பிரிகிற மாத்திரையோ வயிற்றுப்போக்கோ இருந்து உடம்பில் தண்ணீர் வற்றினால், மோட்டாரிலும் தண்ணீர் இல்லை, நுழைவாயிலும் அடைத்து, கடைசி மூடியும் திறந்தது போல. ஓரிரு நாளில் கிரியாட்டினின் இரட்டிப்பானவரை என் லேபிலேயே பார்த்திருக்கிறேன். வாந்தி பேதி வந்தால் அந்த ஓரிரு நாள் பிரஷர் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். சாப்பாடு தண்ணீர் சரியானதும் திரும்பத் தொடங்க மறப்பவர்கள்தான் அதிகம்.

பொட்டாசியம் இன்னொரு எல்லை. இந்த மருந்துகள் அதைச் சிறுநீரில் வெளியேற்றுவதைக் குறைக்கும். 5.5-ஐத் தாண்டினால் டாக்டர் ஏதாவது செய்வார், 6-ஐத் தாண்டினால் இதயத்துடிப்புக்கே ஆபத்து. அன்றைக்கு இவருக்கு 4.9. தோப்புக்காரராச்சே, இளநீர் எத்தனை என்று கேட்டேன். “ரெண்டு, வெயில் நாள்ல மூணு” என்றார். ஒரு இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ பொட்டாசியம் இருக்கும். ‘பிரஷருக்கு நல்லது’ என்று விற்கிற சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் போட்டிருப்பதும் பொட்டாசியம்தான். சாதாரண பிரஷர்காரருக்கு நல்லதாக இருக்கிற இரண்டு பொருளும் இவருக்கு மட்டும் கணக்குப் பார்த்துத் தொட வேண்டியவை.

எல்லைப் பக்கத்தில் இருப்பதால் வரும் ஒரு தொல்லையும் உண்டு. பொள்ளாச்சி டாக்டர் டெல்மிசார்ட்டன் எழுதியிருப்பார். இங்கே அரசு ஆரோக்கிய கேந்திரத்தில் பிரஷர் பார்த்து எனாலாப்ரில் கொடுத்திருப்பார்கள். அட்டை வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டும் பிரஷருக்குத்தானே என்று இரண்டையும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மூடியைத் தளர்த்துபவை. சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாகக் காக்குமா என்று பெரிய ஆய்வுகள் நடத்திப் பார்த்தார்கள். 2008-இல் வந்த ஆன்டார்கெட் முடிவில் லாபம் இல்லை, சிறுநீரகக் கெடுதல் அதிகம். 2013-இல் வந்த இன்னொன்றைப் பொட்டாசியம் ஏறியதாலும் திடீர்ப் பாதிப்பாலும் பாதியிலேயே நிறுத்தினார்கள். பெயர் ‘சார்ட்டன்’ என்றும் ‘ப்ரில்’ என்றும் முடிகிற இரண்டு அட்டை ஒரே பையில் இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நோய் முற்றிய பிறகாவது நிறுத்தலாமா என்ற கேள்விக்கும் ஒரு பதில் வந்திருக்கிறது. வடிதிறன் 30-க்குக் கீழே போன 411 பேரை வைத்து பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. மருந்தை நிறுத்தினால் சிறுநீரகம் கொஞ்சம் மீளும் என்று பல டாக்டர்களே நம்பினார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், நிறுத்தியவர்களுக்கு எந்த லாபமும் இல்லை.

சாப்பாட்டு உப்புக்கு ஒரு வார்த்தை. உப்பு கூடினால் பிரஷர் கூடும் என்பது தெரிந்ததே. இந்த மருந்து புரதத்தைக் குறைக்கிற வேலையையும் உப்பு மழுங்கடிக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. நாளைக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன். கஞ்சிக்கு உப்பு மாங்காய், கூட இரண்டு பப்படம், இரவில் கருவாடு என்றால் ஸ்பூன் எப்போதோ தாண்டியிருக்கும். பப்படத்திலேயே மாவோடு சேர்த்த சோடியம் தாராளமாக உண்டு.

அன்றைக்குப் போனில் டாக்டர் மூன்றே கேள்விதான் கேட்டார்: பொட்டாசியம் எவ்வளவு, வயிற்றுப்போக்கு இருந்ததா, வலி மாத்திரை போட்டாரா. 4.9, இல்லை, இல்லை. அப்படியானால் தொடரட்டும், இரண்டு வாரத்தில் திரும்பப் பாருங்கள் என்றார். இரண்டு வாரத்தில் 1.9-லேயே நின்றது. டெல்மிசார்ட்டனை 80 ஆக்கி, பிறகு அம்லோடிபின் ஐந்தும், அப்புறம் டபாகிளிப்ளோசினும் சேர்த்தார். இந்தக் கடைசி மருந்து முதலில் சர்க்கரைக்கு வந்தது. சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுகிறது என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. பெரும்பாலும் இது நுழைவாயிலை லேசாகச் சுருக்கி உள்ளழுத்தத்தைக் குறைக்கிறது என்கிறார்கள். இதைத் தொடங்கியபோதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி 2.0 காட்டியது. இந்தத் தடவை அவர் கோபப்படவில்லை.

போன வாரம் ஒரு வருஷ ரிப்போர்ட் எடுக்க வந்தார். வந்ததும் தானே சுவரோரம் நாற்காலியில் சாய்ந்து வாயை மூடி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தேன், 128/78. மத்தியானம் ரிப்போர்ட் வாங்க வந்தபோது, கவரைப் பிரிப்பதற்குள் கேட்டார்.

“உப்பு எவ்வளவு தம்பி?”

“எந்த உப்புங்க அண்ணா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தப் பத உப்பு.”

“ஆயிரத்து நூறு இருந்தது. இப்ப முந்நூத்தி அறுபது.”

“ரத்தத்து உப்பு?”

“ஒண்ணு ஒம்பது.”

தலையாட்டிவிட்டுக் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவது உப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மொபெட்டின் கொக்கியில் மாட்டியிருந்த பையில் பப்படக் கட்டு தெரிந்தது.